பயிற்சி இடத்தை மாற்றித் தரும்படி கேட்கும் கடிதம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் குழாய் பதிப்பு, வீதி, கட்டடம் என்று வேலை நடக்கும் சைற்றுகளுக்கு சிவில் பொறியியல் மாணவர்கள் பயிற்சிக்கு வருகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலிருந்து வருபவர்கள் இருக்கிறார்கள். உயர் தேசிய டிப்ளோமா படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டமும், அதற்காகத் தாழையடியில் 2024 ஓகஸ்டில் திறந்த, கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் தரும் நிலையமும் வந்த பிறகு நீர் வேலை என்றால் என்ன என்று நேரில் பார்க்கும் ஆசை பிள்ளைகளிடம் கூடியிருக்கிறது. ஆனால் இரண்டு மாதம் கழித்துச் சிலர் வந்து சொல்வது ஒன்றுதான்: "சேர், நான் ஒண்டும் படிக்கேல்லை. ஒபிஸில இருந்து ரைப் பண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்."

அது பெரும்பாலும் உண்மை. அப்படிப்பட்ட பிள்ளை தன் மேற்பார்வைப் பொறியியலாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தைப் பற்றியதே இந்தக் குறிப்பு. பேச்சுத் தெளிவாக இருப்பதற்காக ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். 24 வாரப் பயிற்சி, யூலை முதலாந் திகதி தொடங்கியது. மாணவியை ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் குழாய் பதிக்கும் திட்டத்தில் விட்டிருக்கிறார்கள். எட்டு வாரமாக அவருக்கு வேலை, குழாய் வந்திறங்கும்போது வரும் டிலிவரி நோட்டுகளை எக்செலில் பதிவதும், படங்களுக்கு இலக்கம் போடுவதும். அதே நிறுவனம் சில மைல் தள்ளி ஒரு மேல்நிலை நீர்த்தாங்கியும் கட்டுகிறது. அங்கே போக வேண்டும் என்பது அவர் விருப்பம். இந்த மாணவி எனது கற்பனை. நிலைமை கற்பனை அல்ல.

செய்ய வேண்டியவை

எழுத முதல், இருக்கும் வேலைக்குள் படிக்க ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. குடாநாட்டில் குழாய்க்குக் கிடங்கு வெட்டினால் கொஞ்ச ஆழத்திலேயே சுண்ணாம்புக் கல் வந்துவிடும். மண்ணை வெட்டுவதற்கு ஒரு விலை, கல்லை உடைப்பதற்கு அதைவிடக் கூடிய விலை. எங்கே மண் முடிந்தது, எங்கே கல் தொடங்கியது என்று ஒப்பந்தகாரரின் ஆளும் ஆலோசகரின் ஆளும் சேர்ந்து கிடங்குக்குள் நாடா பிடித்து அளந்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் குழாயை இறக்கி மூடுவார்கள். மூடியபின் யாரும் திரும்ப அளக்க முடியாது. மாதக் கடைசியில் பில்லில் வரும் சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மேசையிலிருந்து அந்த அளவுகளை எக்செலில் அடிக்கும் பிள்ளைக்கு 1.35 என்பது வெறும் இலக்கம். வாரத்தில் ஒரு காலை அந்தக் கூட்டளவைக்குப் போய் நின்றால் அதே எக்செல், பணம் எப்படிக் கணக்காகிறது என்று காட்டும் பாடமாக மாறிவிடும். ஆகவே முதலில் வாயால் கேளுங்கள்: "சேர், செவ்வாய்க்கிழமை அளவெடுக்கப் போகேக்க நானும் வரட்டோ?" பல இடங்களில் இதற்கு ஓம் என்றுதான் பதில் வரும். இரண்டு மூன்று தரம் கேட்டும் நேரமில்லை என்றார்களா, அல்லது போய்வந்தும் நிலைமை மாறவில்லையா, அப்போது கடிதத்துக்கு நியாயம் உண்டு. கேட்ட திகதிகளையும் கிடைத்த பதிலையும் குறித்து வையுங்கள். கடிதத்தில் அவற்றைப் பட்டியலாக்க வேண்டியதில்லை. ஒரு வரியில் தொட்டால் போதும்.

தினக்குறிப்பிலிருந்து கணக்கெடுங்கள்.

பயிற்சியை மேற்பார்வை செய்யும் நைற்றா, அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, எதிர்பார்க்கும் பயிற்சிப் பதிவேடு உங்கள் கையில் இருக்கிறது. அன்றன்று செய்த வேலை அதில் இருக்கும்; மேற்பார்வையாளரின் கையெழுத்தும் அதில் இருக்கும். "படிப்பதற்கு ஒன்றும் இல்லை" என்று நீங்கள் சொன்னால் அது அபிப்பிராயம். எட்டு வாரத்தில் 40 வேலை நாள், அதில் 33 நாள் பதிவு வேலை, 4 நாள் மட்டம் எடுத்த வேலை, 3 நாள் குழாய்த் தொடரின் அழுத்தச் சோதனையைப் பார்த்தது என்று சொன்னால், அது அவரே கையெழுத்துப் போட்ட பதிவேட்டின் கூட்டல். அவர் மறுக்க வேண்டியதில்லை, கோபிக்கவும் தேவையில்லை. சில வேளைகளில் அவருக்கே அது புதிய செய்தியாக இருக்கும். ஐந்து சைற்றுகளுக்கு ஓடித் திரிகிற ஆள், ஒரு பயிற்சி மாணவி எத்தனை நாள் ஒரே மேசையில் இருந்தார் என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

பதிவேட்டை வாரக்கணக்கில் எழுதாமல் விட்டிருந்தால் முதலில் அதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாத பதிவேட்டோடு மாற்றம் கேட்டால், "முதலில இதை எழுதிக்கொண்டு வாரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

போக விரும்பும் இடத்தின் வேலைத்திட்டத்தைப் பார்த்து, திகதியோடு கேளுங்கள்.

பெரும்பாலான கடிதங்கள் இங்கேதான் தோற்கின்றன. "வேறு ஒரு பயனுள்ள திட்டத்துக்கு மாற்றித் தரவும்" என்று எழுதினால், எந்தத் திட்டம், எப்போது, அங்கே என்ன வேலை என்று யோசிக்கும் பாரம் முழுவதும் பொறியியலாளரின் தலையில் விழுகிறது. அவருக்கு அதற்கு நேரமில்லை. கடிதம் மேசையிலேயே கிடக்கும்.

நமது மாணவிக்கு வருவோம். ஒக்ரோபரில் மாரி தொடங்கும். டிசெம்பர் வரை இருக்கும். நிலத்தடி நீர் மேலே வரும், வெட்டிய கிடங்கு நிரம்பும், குழாய் வேலை நின்று நின்று போகும். ஆகவே ஒக்ரோபருக்குப் பிறகு குழாய் சைற்றில் வெளிவேலை கிடைக்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. நீர்த்தாங்கியில் செப்ரெம்பரில் கொங்கிறீற் போட இருக்கிறார்கள் என்று வேலைத்திட்டம் சொன்னால், அங்கே போக வேண்டிய காலம் செப்ரெம்பர்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. கொங்கிறீற் போடும்போது 150 மில்லிமீற்றர்க் கனவடிவ மாதிரிகள் எடுத்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் நசுக்கிப் பார்ப்பார்கள். மாதிரியைத் தன் கையால் வார்த்து, இலக்கமிட்டு, நீரில் போட்டு, 28ஆம் நாள் அது எவ்வளவு தாங்கியது என்று தானே பார்த்தால்தான் அந்தப் பாடம் முழுதாகும். பயிற்சி முடிய மூன்று வாரம் இருக்கும்போது மாறினால் 7ஆம் நாள் பெறுபேற்றோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 24 வாரப் பயிற்சியில் 9ஆம் வாரம் கடிதம் கொடுத்து, இரண்டு வாரத்தில் பழைய வேலையை ஒப்படைத்து, 11ஆம் வாரம், அதாவது செப்ரெம்பர் 9ஆந் திகதி, புதிய இடத்துக்குப் போனால் 14 வாரம் மிஞ்சும். அந்த 14 வாரத்துக்குள் கம்பி கட்டுவதைச் சரிபார்ப்பது, கொங்கிறீற், 28 நாள் பெறுபேறு எல்லாம் அடங்கும். வேலை பிந்தாவிட்டால், நீரை நிரப்பி மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து கசிவு பார்க்கும் சோதனையும் கிடைக்கலாம். 18ஆம் வாரத்தில் கேட்டால் இதில் பாதிகூடக் கிடைக்காது.

வேலைத்திட்டம் சைற் ஒபிஸ் சுவரில் ஒட்டியிருக்கும். அதைப் பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் போனால் அங்கே என்ன செய்து கொடுப்பீர்கள் என்று எழுதுங்கள்.

புதிய சைற்றின் பொறியியலாளருக்கு ஒரு பயிற்சி மாணவி என்றால் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய ஒரு ஆள். ஆனால் கொங்கிறீற் போடும் நாளில் ஆள் தட்டுப்பாடு எப்போதும் உண்டு. ஒவ்வொரு லொறியும் வரும்போது 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் மூன்று அடுக்காகக் கொங்கிறீற்றை நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் 25 தரம் குத்தி, கூம்பைத் தூக்கி எவ்வளவு சரிகிறது என்று அளந்து எழுத ஒருவர் வேண்டும். லொறி வந்த நேரம், இறக்கிய நேரம், எந்தப் பகுதியில் போட்டது, எந்த மாதிரி எந்த லொறியிலிருந்து என்று பதிவதற்கும் ஒருவர் வேண்டும். பதிவு வேலையில் எட்டு வாரம் பழகிய பிள்ளைக்கு இது கைவந்த வேலை. முதல் நாளிலிருந்தே உதவியாக இருக்கும் ஆளை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

பெண் பிள்ளை என்பதால் ஒபிஸில் இருத்தியிருந்தால், அந்தத் தடையைக் கடிதத்திலேயே நீக்குங்கள்.

இதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. "வெயிலுக்குள்ள ஏன் பிள்ளை, இங்கயே இரும்" என்பது அன்போடு வரும் வார்த்தைதான். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் அந்தப் பிள்ளை. பதிவேட்டிலும் இறுதி நேர்முகத்திலும் வெயிலுக்குச் சலுகை கிடையாது. இதைக் குற்றச்சாட்டாக எழுதினால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். அவர் மனதில் இருக்கும் யோசனைகளுக்கு நேரே பதில் எழுதுங்கள்: பாதுகாப்புச் சப்பாத்தும் தலைக்கவசமும் இருக்கின்றன, பஸ்ஸில் வந்துபோக முடியும், கொங்கிறீற் பிந்தி முடியும் நாட்களில் வீட்டிலிருந்து ஏற்ற வருவார்கள். அந்தச் சைற்றில் பெண்களுக்கு மலசலகூடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். இல்லையென்றால், அதைச் செய்து தரக் கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

கடிதத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்.

நமது மாணவியின் கடிதம் இப்படி இருக்கலாம்:

*திகதி: ஓகஸ்ட் 26*

*திட்டப் பொறியியலாளர் அவர்களுக்கு,*
*ஊடாக: சைற் பொறியியலாளர்*

*ஐயா,*

*மீதிப் பயிற்சிக் காலத்தில் நீர்த்தாங்கி சைற்றுக்கு மாற்றம் கோருதல்*

*யூலை 1ஆந் திகதி முதல் குழாய் பதிக்கும் திட்டத்தில் பயிற்சி பெற்று வருகிறேன். பயிற்சிப் பதிவேட்டின்படி கடந்த எட்டு வாரங்களில் 33 நாட்கள் டிலிவரி நோட் பதிவிலும் படப் பதிவிலும், 4 நாட்கள் மட்டம் எடுப்பதிலும், 3 நாட்கள் அழுத்தச் சோதனையிலும் ஈடுபட்டேன். பொருட்கள் எப்படிப் பதிவாகிக் கணக்கில் சேர்கின்றன என்பதை இதில் விளங்கிக்கொண்டேன். கூட்டளவைக்குச் செல்ல இரு முறை கேட்டிருந்தேன். வேலை நெருக்கடியால் அது அமையவில்லை.*

*கொங்கிறீற், கம்பி வேலைகளில் எனக்கு இதுவரை பயிற்சி கிடைக்கவில்லை. வேலைத்திட்டத்தின்படி நீர்த்தாங்கியில் செப்ரெம்பர் நடுப்பகுதியில் கொங்கிறீற் வேலை தொடங்குகிறது. ஆகவே செப்ரெம்பர் 9ஆந் திகதி முதல் பயிற்சி முடியும் வரை அங்கு பணியாற்ற அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அங்கு கொங்கிறீற் சரிவுச் சோதனை, மாதிரி எடுத்தல், லொறிப் பதிவு ஆகியவற்றை நான் செய்து கொடுக்க முடியும். பாதுகாப்புச் சப்பாத்தும் தலைக்கவசமும் என்னிடம் உள்ளன. போக்குவரத்து ஒழுங்கும் செய்துள்ளேன்.*

*தற்போதைய பதிவு வேலையைச் செப்ரெம்பர் 6ஆந் திகதிக்குள் முடித்து, எழுத்து மூலம் ஒப்படைப்பேன். முழுமையான மாற்றம் இயலாவிடின், கொங்கிறீற் போடும் நாட்களிலாவது அங்கு செல்ல அனுமதி தந்தால் உதவியாக இருக்கும்.*

*தங்கள் உண்மையுள்ள,*
*(பெயர், பயிற்சி இலக்கம், கையொப்பம்)*

கடைசிப் பந்தியின் இரண்டாம் வரியைக் கவனியுங்கள். முழு மாற்றத்துக்கு இல்லை என்று சொல்ல வேண்டிய பொறியியலாளருக்கும் ஓம் என்று சொல்லக்கூடிய ஒன்றை அது கொடுக்கிறது. அனுபவத்தில் சொல்கிறேன், பல பிள்ளைகளுக்கு வாசல் திறந்தது அந்த வரியால்தான். கொங்கிறீற் நாளில் போய் நன்றாக வேலை செய்தால், அடுத்த வாரம் அந்தச் சைற்றே கூப்பிடும்.

ஒப்படைப்புத் தாளைக் கடிதத்தோடு தயாராக வைத்திருங்கள்.

மாற்றத்துக்குப் பெரிய தடை, "இவர் போனால் இந்த வேலையை ஆர் பார்க்கிறது" என்ற கேள்வி. ஒரு தாளில் எழுதுங்கள்: எக்செல் கோப்பு எங்கே இருக்கிறது, டிலிவரி நோட் 412 வரை பதிந்தாயிற்று, 397இலும் 403இலும் குழாய் விட்டம் தெளிவில்லை, களஞ்சியப் பொறுப்பாளரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை, ஓகஸ்ட் மூன்றாம் வாரப் படங்களுக்கு இன்னும் இலக்கமிடவில்லை. அடுத்தவர் இதைப் பார்த்து அரைமணியில் வேலையைத் தொடங்க முடிய வேண்டும். தொடங்க முடிகிறதா என்று ஒருவரை இருத்திப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

தெரிந்த ஆள் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள். நம் ஊரில் இது மிக இலகு. நிறுவனத்தின் மேல் இடத்தில் ஒரு மாமா இருப்பார்; அப்பாவோடு படித்த ஒருவர் இருப்பார். ஒரு கோல் போதும், மாற்றம் கிடைத்தும் விடும். ஆனால் சைற் பொறியியலாளர் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேலே போனதை மறக்க மாட்டார். பதிவேட்டின் முதல் எட்டு வாரத்துக்கும் மதிப்பீடு எழுதப்போவது அவர்தான். புதிய சைற்றிலும் "மேலிடத்துப் பிள்ளை" என்று ஒதுக்கி வைப்பார்கள். கையில் கூம்பைக் கொடுக்க மாட்டார்கள். அம்மாவோ அப்பாவோ ஒபிஸுக்குக் கோல் எடுப்பதும் இதே வகைதான்.

மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள். "என்னோடு வந்தவருக்கு நல்ல சைற் தந்தீர்கள்" என்ற ஒரு வரி போதும், கடிதம் முறைப்பாடாகிவிடும். அந்த மாணவனையும் அது தேவையில்லாமல் இழுத்துவிடுகிறது.

செய்த வேலையை இழிவாக எழுதாதீர்கள். "வெறும் டேற்றா என்றி" என்று நீங்கள் எழுதும் வேலையைத்தான் அந்த ஒபிஸில் ஒரு எழுதுவினைஞர் வருடக்கணக்கில் செய்கிறார். அதில் வரும் பிழை மாத பில்லில் போய் நிற்கும். எனக்கு இதில் எவ்வளவு கிடைத்தது, இனி எது கிடைக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கோ நைற்றாவுக்கோ முதலில் முறைப்பாடு அனுப்பாதீர்கள். பயிற்சி இணைப்பாளருக்கு விடயம் தெரிந்திருக்க வேண்டும் என்பது உண்மை. கடிதம் கொடுக்கும் அன்றைக்கு, "இப்படி ஒரு மாற்றம் கேட்டிருக்கிறேன், ஒரே நிறுவனத்துக்குள்தான்" என்று அவருக்குச் சுருக்கமாக அறிவியுங்கள். ஒரே நிறுவனத்துக்குள் இடம் மாறுவதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டுமா என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரைத் தலையிடச் சொல்வது வேறு படி. இரண்டு வாரமாகியும் பதில் இல்லை, நேரில் நினைவூட்டியும் பதில் இல்லை என்றால் அப்போது போங்கள். துன்புறுத்தலோ பாதுகாப்பில்லாத வேலையோ நடந்தால் இந்த ஒழுங்கு ஒன்றும் பொருந்தாது. அன்றைக்கே இணைப்பாளரிடம் சொல்லுங்கள்.

இரவு பத்து மணிக்கு வட்சப்பில் நீளமாக எழுதி அனுப்பாதீர்கள். வாசிப்பார், காலையில் மறந்துவிடுவார். கடிதத்தை அச்செடுத்து, காலையில் அவர் சைற்றுக்குக் கிளம்ப முதல் கையில் கொடுங்கள். இரண்டே வாக்கியம் பேசுங்கள். பதிலை அந்த இடத்திலேயே கேட்டு நிற்க வேண்டாம். கொங்கிறீற் போடும் நாளிலும், மாத பில் கொடுக்கும் கடைசி நாட்களிலும் கொடுக்கவே வேண்டாம்.

பதில் வரும் வரை வேலையைக் குறைக்காதீர்கள். மனம் ஏற்கனவே மற்றச் சைற்றுக்குப் போய்விடும், அது இயல்பு. ஆனால் கடிதம் கொடுத்த வாரத்தில்தான் அவர் உங்களை முதன்முறையாகக் கூர்ந்து பார்ப்பார். டிலிவரி நோட் தேங்கிக் கிடந்தால், புதிய சைற் பொறியியலாளரிடம் உங்களைப் பற்றி அவர் சொல்லும் முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மாற்றம் கிடைத்துவிட்டால் பதிவேட்டில் ஒரு சின்ன வேலை மிச்சம் இருக்கிறது. பழைய சைற்றின் கடைசி நாள் வரைக்கும் பழைய மேற்பார்வையாளரின் கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். அவர் வேறு திட்டத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால் டிசெம்பரில் தேடித் திரிய வேண்டி வரும். அடுத்த பக்கத்தில் புதிய சைற்றின் பெயர், மாறிய திகதி, புதிய மேற்பார்வையாளரின் பெயரும் பதவியும், அவரின் மாதிரிக் கையொப்பம் ஆகியவற்றை எழுதிவிட்டு, அன்றைய வேலையை அதற்குக் கீழே தொடங்குங்கள்.